இரண்டு சிம் உள்ள தொலைபேசியில் ஹொட்ஸ்பொட் எந்தச் சிம்மின் டேட்டாவைப் பகிர்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தொலைபேசியில் இரண்டு சிம் இருக்கின்றன. ஹொட்ஸ்பொட் போட்டால் டேட்டா எந்தச் சிம்மிலிருந்து போகும்?

மொபைல் டேட்டாவுக்கென்று எந்தச் சிம்மைத் தெரிவு செய்து வைத்திருக்கிறீர்களோ, அந்தச் சிம்மிலிருந்தே போகும். ஹொட்ஸ்பொட் பக்கத்தில் பெயர், கடவுச்சொல், இணையக்கூடிய கருவிகளின் எண்ணிக்கை போன்றவை இருக்கும். ஆனால் எந்தச் சிம் என்று கேட்கும் இடம் பெரும்பாலான தொலைபேசிகளில் அங்கே இருப்பதில்லை. அதனால்தான் பலர் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பத் தேடிக் களைத்துப் போகிறார்கள். தெரிவு செய்ய வேண்டிய இடம் சிம் அமைப்புப் பக்கமாகும்.

அழைப்பு எடுக்கும் சிம், குறுஞ்செய்தி அனுப்பும் சிம், டேட்டா சிம் ஆகிய மூன்றும் தனித்தனியான தெரிவுகள் என்பதையும் கவனிக்க வேண்டும். சிம் 1 இலிருந்து அழைப்பு எடுத்துக்கொண்டே சிம் 2 இன் டேட்டாவைப் பயன்படுத்தலாம். ஹொட்ஸ்பொட் மூன்றாவது தெரிவை மட்டுமே பார்க்கும். இரண்டில் ஒன்று இ-சிம்மாக இருந்தாலும் இதே விதிதான்.

அதை எங்கே போய் மாற்றுவது?

சாம்சங் தொலைபேசியில் `Settings`, `Connections`, `SIM manager` என்று வரிசையாகச் சென்றால், கீழ்ப்பகுதியில் `Mobile data` என்ற வரி இருக்கும். அதை அழுத்தினால் இரண்டு சிம்களின் பெயர்களும் வரும். பிக்சல் முதலிய அன்ட்ரொய்ட் தொலைபேசிகளில் `Settings`, `Network & internet`, `SIMs` என்று சென்று, வேண்டிய சிம்மைத் திறந்து அதன் `Mobile data` பொத்தானை இயக்க வேண்டும். அவ்வாறு செய்யும்போது மற்றச் சிம்மின் டேட்டா தானாகவே நின்றுவிடும். ரெட்மி, ஷாவ்மி வகைகளில் `SIM cards & mobile networks` என்ற பக்கத்தில் `Internet` என்ற வரியைப் பாருங்கள். ஐபோனில் `Settings` இற்குள் `Mobile Data`, `Mobile Service` அல்லது `Cellular` என்ற பக்கம் இருக்கும். அங்கு டேட்டாவுக்குரிய வரியை அழுத்தி, விரும்பிய எண்ணைத் தெரிவு செய்யலாம்.

முதல் வேலையாகச் சிம்களுக்குப் பெயர் வையுங்கள் என்பது என் ஆலோசனை. தொலைபேசி தானாக வைக்கும் `SIM 1`, `SIM 2` என்ற பெயர்கள், சிம்மைக் கழற்றி மாட்டும்போது இடம் மாறிவிடுகின்றன. ‘வீடு’, ‘டேட்டா’ என்று நீங்களே பெயரிட்டால், அவசரத்தில் தொலைபேசியைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கும் குழப்பம் இருக்காது.

ஹொட்ஸ்பொட் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிம்மை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் சில வினாடிகளுக்கு இணையம் அறுந்துபோகும். மடிக்கணினிக்கும் தொலைபேசிக்கும் இடையிலான வைஃபை தொடர்பு வழமையாக அப்படியே இருக்கும். தொலைபேசிக்கு வெளியே உள்ள பாதை மட்டுமே மாறுகிறது. பாதை மாறும்போது இணைய முகவரியும் மாறுவதால், சூம் வகுப்பு ஒருமுறை மீள இணைந்துகொள்ளும், பாதியில் இருக்கும் பதிவிறக்கம் நின்றுவிடக்கூடும், வங்கிப் பக்கம் உங்களை வெளியேற்றிவிடக்கூடும். ஆகவே வகுப்புக்கு முன்னரே மாற்றி வைப்பது நல்லது. மாற்றிய பின்பு ஒரு நிமிடம் சென்றும் இணையம் வராவிட்டால், ஹொட்ஸ்பொட்டை நிறுத்தி மீண்டும் இயக்கினால் போதும்.

மடிக்கணினியில் வைஃபை முழுதாகக் காட்டுகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. சிம்மில் பிழையா?

மடிக்கணினி காட்டும் அந்தக் குறி, தொலைபேசி பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. தொலைபேசியிலிருந்து கோபுரம் வரையான தொடர்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. எனவே முதலில் தொலைபேசியின் வைஃபையை நிறுத்திவிட்டு, தொலைபேசியிலேயே ஒரு புதிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கும் திறக்காவிட்டால் டேட்டா சிம்மின் சிக்னலையோ மீதியையோ பார்க்க வேண்டும்.

தொலைபேசியில் திறக்கிறது, மடிக்கணினியில் மட்டும் திறக்கவில்லை, அதுவும் ஒரு சிம்மில் மட்டும்தான் இப்படி நடக்கிறது என்றால், அந்தச் சிம்மை நிறுவனத்தின் இணையத்துடன் இணைக்கும் ஏபிஎன் அமைப்பைச் சந்தேகிக்கலாம். ஏபிஎன் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாக இருக்கும். ஒன்றில் சரியாக இருப்பது மற்றதில் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அன்ட்ரொய்ட் தொலைபேசியில் அந்தச் சிம்மின் `Access Point Names` பக்கத்தைத் திறந்து, `APN type` என்ற வரியில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்கே `dun` என்ற சொல் இல்லாவிட்டால், சில தொலைபேசிகள் ஹொட்ஸ்பொட்டுக்குரிய போக்குவரத்தை அந்த வழியே விடுவதில்லை. வரி கீழே உள்ளவாறு இருக்கலாம்:

```
default,supl,dun
```

இருக்கும் ஏபிஎன்னைத் திருத்த முடியாதபடி பூட்டியிருந்தால், அதே விபரங்களுடன் புதிய ஒன்றைச் சேர்த்து அதைத் தெரிவு செய்யலாம். அதன் பிறகும் வரவில்லையானால், உங்கள் பெக்கேஜில் ஹொட்ஸ்பொட் அனுமதி இருக்கிறதா என்று சேவை நிறுவனத்திடம் கேட்பதே அடுத்த படியாகும்.

ஒரு சிம்மில் டேட்டா நிறைய இருக்கிறது, மற்றதில் சிக்னல் நன்றாக இருக்கிறது. எதைத் தெரிவு செய்வது?

மலையகத்தில் இந்தக் கேள்வி ஏறத்தாழ எல்லா வீட்டிலும் வருகிறது. ஒரு நிறுவனத்தின் கோபுரம் மேட்டு லயத்துக்கு நேரே தெரியும். மற்ற நிறுவனத்தின் கோபுரம் மலைக்கு அப்பால் பள்ளத்தாக்கில் இருக்கும். பெக்கேஜ் மலிவாகக் கிடைத்த சிம் எது, வீட்டுக்குள் எடுக்கும் சிம் எது என்பவை பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

தொலைபேசியின் மேலே தெரியும் கோடுகளை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். நான்கு கோடுகள் காட்டிக்கொண்டு 2ஜி இலேயே நிற்கும் சிம்மும் உண்டு; இரண்டு கோடுகளுடன் 4ஜி இல் நன்றாக ஓடும் சிம்மும் உண்டு. அன்ட்ரொய்ட் தொலைபேசியில் `About phone` பக்கத்துக்குள் `SIM status` என்ற வரி ஒவ்வொரு சிம்முக்கும் தனியாக இருக்கும். சில தொலைபேசிகளில் அது `Status information` என்பதற்குள் ஒளிந்திருக்கும். அங்கே `Signal strength` என்ற இடத்தில் `-97 dBm` போன்ற ஓர் எண்ணும், சற்றுத் தள்ளி வலையமைப்பின் வகையும் காட்டப்படும். எண் மறைக் குறியுடன் இருப்பதால், பூச்சியத்தை நெருங்கிய எண்ணே வலுவான சிக்னலாகும். 4ஜி இல் −90 அல்லது அதைவிடப் பூச்சியத்தை நெருங்கிய எண் என்றால் வகுப்புக்குத் தாராளமாகப் போதும். −100 அளவில் சமாளிக்கலாம். −115 ஐத் தாண்டினால் காணொளி அடிக்கடி உறைந்து நிற்கும்.

இந்த எண்ணை ஒரே இடத்தில் நின்று மட்டும் பார்க்காதீர்கள். வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் தொலைபேசியைக் கொண்டுபோய், அரை நிமிடம் பொறுத்து, இரண்டு சிம்களின் எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். லயத்துக் காம்பிராவின் உள்ளே −116 காட்டிய சிம், குசினிச் சன்னலில் −101 காட்டுவது சாதாரணமாக நடக்கிறது. ஹொட்ஸ்பொட்டின் பெரிய வசதியும் இதுதான்: தொலைபேசி சன்னலில் இருக்கலாம், மடிக்கணினி மேசையில் இருக்கலாம். இடையில் ஒரு சுவர் இருந்தாலும் வைஃபை எட்டிவிடும். ஆகவே டேட்டா நிறைய உள்ள சிம்மைக் கைவிடுவதற்கு முன்னர், அது −100 அளவுக்கு எடுக்கும் ஓர் இடம் வீட்டுக்குள் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதே நியாயம். அப்படி ஓர் இடமே இல்லையென்றால் சிக்னல் உள்ள சிம்மையே தெரிவு செய்யுங்கள். அடுத்த பெக்கேஜையும் அந்தச் சிம்மிலேயே போடுங்கள்.

மூடுபனி இறங்கினால் சிக்னல் குறைகிறது என்று நம்மூரில் பலர் சொல்வார்கள். மொபைல் சேவை பயன்படுத்தும் அலைவரிசைகளில் பனியின் பாதிப்பு மிகச் சொற்பம். மலையின் மறைப்பும், மாலையில் ஒரே கோபுரத்தை எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் நெரிசலும், மின்வெட்டின்போது கோபுரத்தின் பற்றரி இறங்குவதும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

சிம் 2 ஐத்தான் தெரிவு செய்தேன். ஆனால் சிம் 1 இன் காசு குறைந்திருக்கிறது. எப்படி?

தானியங்கி டேட்டா மாற்றம் என்ற வசதி இயங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அன்ட்ரொய்ட் 14 முதல் பல தொலைபேசிகளில் `Automatic data switching`, `Auto data switching` போன்ற பெயர்களில் இது இருக்கிறது. டேட்டா சிம்மின் சேவை அற்றுப்போகும்போதோ மற்றச் சிம்மின் சேவை அதைவிட நன்றாக இருக்கும்போதோ, தொலைபேசி தானாகவே மற்றச் சிம்மின் டேட்டாவுக்குத் தாவுகிறது. ஐபோனில் உள்ள `Allow Mobile Data Switching` அல்லது `Allow Cellular Data Switching` என்பதும் இவ்வகையானதே. அது முக்கியமாக மற்ற எண்ணில் அழைப்பில் இருக்கும் நேரத்துக்கானது. தொலைபேசி தாவும்போது ஹொட்ஸ்பொட்டும் அதனுடன் போகும். மடிக்கணினி எதையும் அறியாமல் அதே வேகத்தில் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு சிம்களிலும் பெக்கேஜ் உள்ளவருக்கு இது நல்ல வசதி. ஒரு சிம்மில் மட்டும் பெக்கேஜ் வைத்துக்கொண்டு மற்றதில் அழைப்புக்காக நூறு, இருநூறு ரூபா ரீலோட் மட்டும் வைத்திருப்பவர் இதை நிறுத்தியே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெக்கேஜ் இல்லாத சிம்மில் டேட்டா ஓடும்போது, கணக்கில் உள்ள மீதியிலிருந்து காசு கழிக்கப்படலாம். அந்த விகிதம் பெக்கேஜ் விலையைவிட மிக அதிகம். மலைச்சரிவில் சிக்னல் ஏறி இறங்கும் வீட்டில் இந்தத் தாவல் ஒரே மாலையில் பல முறை நடக்கக்கூடும்.

இரண்டாவது காவலாக, அன்ட்ரொய்டின் `Data warning & limit` பக்கத்தில் சிம் 1 இற்கு மட்டும் ஒரு சிறிய எல்லையை வையுங்கள். இந்த எல்லை ஒவ்வொரு சிம்முக்கும் தனியானது. 100 எம்பி என்று வைத்தால், அந்த அளவைத் தொட்டதும் அந்தச் சிம்மின் டேட்டாவைத் தொலைபேசியே நிறுத்திவிடும். அழைப்பும் குறுஞ்செய்தியும் வழமைபோல் நடக்கும்.

இப்போது எந்தச் சிம்மிலிருந்து போகிறது என்பதை மடிக்கணினியிலிருந்தே பார்க்க முடியுமா?

முடியும், இரண்டு சிம்களும் வெவ்வேறு நிறுவனங்களுடையவையாக இருந்தால். விண்டோஸ் 10, 11 இல் `Command Prompt` ஐத் திறந்து இதைத் தட்டச்சுச் செய்யுங்கள்:

```
curl ipinfo.io/org
```

ஒரே ஒரு வரி பதிலாக வரும். அதில் `AS` என்று தொடங்கும் ஓர் எண்ணும் இணையம் வழங்கும் நிறுவனத்தின் பெயரும் இருக்கும். உதாரணமாக, டயலொக் சிம்மின் வழியே போனால் `Dialog Axiata` என்ற பெயரைக் காணலாம். மடிக்கணினியில் விபிஎன் ஓடினால் விபிஎன் நிறுவனத்தின் பெயர் வரும் என்பதால், அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

ஹொட்ஸ்பொட்டின் பெயர் இரண்டு சிம்களுக்கும் ஒன்றே என்பதால், மடிக்கணினியின் வைஃபை பட்டியலைப் பார்த்து எதுவும் அறிய முடியாது. இதில் ஒரு நன்மையும் உண்டு. அந்த வைஃபை பெயருக்கு விண்டோஸில் `Metered connection` என்பதை ஒருமுறை இயக்கிவிட்டால், எந்தச் சிம்மிலிருந்து வந்தாலும் பெரிய விண்டோஸ் புதுப்பிப்புகள் பெரும்பாலும் காத்திருக்கும்.

நடந்து முடிந்ததைப் பார்க்க வேண்டுமானால் தொலைபேசியின் டேட்டாப் பாவனைப் பக்கத்துக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு சிம்மின் கீழும், செயலிகளின் பட்டியலில் ஹொட்ஸ்பொட் தனி வரியாக எழுதப்பட்டிருக்கும். சிம் 1 இன் பட்டியலில் அந்த வரி இருந்தால், ஹொட்ஸ்பொட் ஒரு கட்டத்தில் அந்தப் பக்கம் போயிருக்கிறது என்பது உறுதி.

வகுப்பு நடக்கும்போது மற்ற சிம்முக்கு அழைப்பு வந்தால் இணையம் நின்றுவிடுகிறது. ஏன்?

இரண்டு சிம் தொலைபேசிகளில் பெரும்பாலானவற்றில், இரண்டு சிம்களும் அழைப்புக்காகக் காத்திருக்க முடியும். ஆனால் ஒரு சிம்மில் பேச்சு நடக்கும்போது மற்றதில் டேட்டா ஓட முடியாமல் போகிறது. கோபுரத்துடன் அலைகளைப் பரிமாறும் ஒரே பகுதியை இரண்டு சிம்களும் பகிர்ந்துகொள்வதே காரணம். சிம் 1 இல் அழைப்பை எடுத்ததும் சிம் 2 இன் டேட்டா இடைநிறுத்தப்படும். பேச்சு முடிந்ததும் திரும்ப வரும். எடுக்காமல் விட்டாலும், மணி ஒலிக்கும் நேரத்தில் சில தொலைபேசிகளில் டேட்டா தடுமாறும்.

டேட்டா சிம்முக்கே அழைப்பு வந்தால் நிலைமை வேறு. அந்தச் சிம்மில் வோல்ட்டி இயங்கினால், அழைப்பும் 4ஜி வழியே வந்து டேட்டா தொடரும். வோல்ட்டி இல்லாவிட்டால் தொலைபேசி அழைப்புக்காக 2ஜி இற்கோ 3ஜி இற்கோ இறங்க வேண்டியிருப்பதால், டேட்டா மிக மெதுவாகும் அல்லது நின்றேவிடும். ஆகவே இரண்டு சிம்களிலும் `VoLTE calls` அல்லது `4G Calling` என்ற பொத்தானை இயக்கி வையுங்கள். புதிய தொலைபேசிகள் சிலவற்றில், இரண்டு சிம்களிலும் வோல்ட்டி இருந்தால் ஒன்றில் பேசிக்கொண்டே மற்றதில் டேட்டாவைத் தொடரவும் முடிகிறது.

உங்கள் தொலைபேசி எந்த வகை என்பதை ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். மடிக்கணினியில் இதை ஓடவிடுங்கள்:

```
ping -t 8.8.8.8
```

ஒவ்வொரு வினாடியும் ஒரு வரி கீழே இறங்கும். இப்போது வீட்டில் இன்னொருவரின் தொலைபேசியிலிருந்து சிம் 1 இற்கு அழைப்பு எடுக்கச் சொல்லி, ஒரு நிமிடம் பேசுங்கள். வரிகள் தொடர்ந்து இறங்கினால் உங்கள் தொலைபேசி இரண்டையும் தாங்குகிறது. `Request timed out.` என்ற வரி வந்துகொண்டே இருந்தால் தாங்கவில்லை. அடுத்த பதிலில் உள்ள வழியைப் பின்பற்றுங்கள். சோதனையை நிறுத்த Ctrl, C இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு விடயத்தை முன்னரே பார்த்துவிடுங்கள்: தானியங்கி மாற்றம் இயங்கிக்கொண்டிருந்தால், அழைப்பின்போது டேட்டா சிம் 1 இற்குத் தாவி, வரிகள் நிற்காமல் இறங்குவதுபோலத் தோன்றக்கூடும்.

அப்பாவின் தொலைபேசியில்தான் மகள் படிக்கிறாள். அழைப்பையும் விட முடியாது, வகுப்பையும் விட முடியாது. என்ன செய்யலாம்?

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் இப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பாவின் தொலைபேசியில் சிம் 1 பழைய எண். தோட்ட அலுவலகம், வங்கி, கொழும்பில் வேலை செய்யும் மகன் எல்லோருக்கும் அதுவே தெரியும். சிம் 2 முப்பது நாள் டேட்டா பெக்கேஜுக்காக வாங்கியது. மகளின் உயர்தர வகுப்பு மாலை 7 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடிகிறது. மடிக்கணினி முன்னறையில் இருக்கிறது.

முதலில் சிக்னலைப் பார்க்கிறார்கள். முன்னறையில் சிம் 1 −93, சிம் 2 −114. பள்ளத்தாக்கை நோக்கிய குசினிச் சன்னலில் சிம் 1 −95, சிம் 2 −99. எனவே தொலைபேசியைச் சார்ஜருடன் அந்தச் சன்னல் திண்ணையில் வைத்தால், டேட்டா நிறைய உள்ள சிம் 2 ஐயே பயன்படுத்தலாம். ஹொட்ஸ்பொட் இரண்டு மணித்தியாலம் ஓடும்போது பற்றரி வேகமாக இறங்கித் தொலைபேசி சூடாகும் என்பதால், உறையைக் கழற்றி வைப்பது நல்லது.

அடுத்து, டேட்டாவைச் சிம் 2 இற்கு மாற்றி, தானியங்கி மாற்றத்தை நிறுத்தி, சிம் 1 இற்கு 100 எம்பி எல்லை வைக்கிறார்கள். `ping` சோதனையில், சிம் 1 இல் பேசும்போது வரிகள் நின்றுபோகின்றன. ஆகவே வகுப்பு நேரத்தில் சிம் 1 இன் அழைப்புகளை அம்மாவின் தொலைபேசிக்குத் திருப்பிவிட முடிவு செய்கிறார்கள். அதற்கு, அழைப்புத் திரையில் கீழே உள்ளதை அம்மாவின் எண்ணுடன் தட்டி, சிம் 1 இலிருந்து அழைக்க வேண்டும்:

```
**21*07XXXXXXXX#
```

எந்தச் சிம்மிலிருந்து இதை அனுப்புகிறோமோ, அந்தச் சிம்மின் அழைப்புகளே திரும்பும். தவறிச் சிம் 2 இலிருந்து அனுப்பினால் சிம் 1 இற்கு வரும் அழைப்புகள் வழமைபோல வந்து வகுப்பைக் குழப்பும். திருப்பிவிடப்படும் அழைப்புக்கான கட்டணம் சிம் 1 இல் கழிக்கப்படும் என்பதால், அதில் சிறிது ரீலோட் இருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் இதை அழைத்து நீக்குகிறார்கள்:

```
##21#
```

சிம் 1 ஐ வகுப்பு நேரத்தில் முழுதாக நிறுத்திவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் வராது, யார் அழைத்தார்கள் என்றும் தெரியாது. அழைப்பைத் திருப்பிவிடும் வழியில் குறுஞ்செய்திகள் வழமைபோல் அதே தொலைபேசிக்கு வரும். வகுப்பு நடுவில் வரும் குறுஞ்செய்தி டேட்டாவைக் குழப்புவதில்லை.

இனி அளவைப் பார்ப்போம். காணொளியுடன் கூடிய சூம் வகுப்பு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி எடுக்கும் என்று வைத்தால், ஒரு மாலைக்கு 2 ஜிபி, வாரத்தில் நான்கு வகுப்பு என்றால் 8 ஜிபி, முப்பது நாளுக்கு 34 ஜிபி அளவில் வரும். சிம் 2 இன் பெக்கேஜில் பகல் டேட்டா அதைவிடக் குறைவாக இருந்தால், மகள் தன் கமெராவை நிறுத்தி வைக்கலாம். வகுப்பின் காணொளியைச் சிறிய சாளரத்தில் பார்த்தாலும் அளவு இறங்கும். இரவு டேட்டா மிச்சம் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. நம் நாட்டுப் பெக்கேஜ்கள் பலவற்றில் அது நள்ளிரவுக்குப் பிறகே செல்லும் என்பதால், 7 மணி வகுப்புக்கு உதவாது. கடந்தகால வினாத்தாள்கள், பதிவு செய்த பாடங்கள் ஆகியவற்றை அந்த நேரத்தில் பதிவிறக்கம் செய்ய விடலாம்.

யூடியூப் பெக்கேஜ் மட்டும் உள்ள சிம்மை ஹொட்ஸ்பொட்டுக்கு வைக்கலாமா?

நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு குறிப்பிட்ட சேவைக்கான பெக்கேஜ் அந்தச் சேவைக்குரிய போக்குவரத்தை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். மடிக்கணினி அப்படி ஒரே வேலையைச் செய்யும் கருவி அல்ல. நீங்கள் யூடியூப் பார்க்கும்போதே பின்னணியில் மின்னஞ்சல், வைரஸ் தடுப்பு, கோப்புச் சேமிப்பு எல்லாம் இணையத்தைத் தேடும். அவை பொதுவான டேட்டாவிலோ கணக்கு மீதியிலோ கழிக்கப்படும். அந்தச் சிம்மைத் தொலைபேசியில் மட்டும் பயன்படுத்திவிட்டு, ஹொட்ஸ்பொட் போடும்போது பொதுவான டேட்டா உள்ள சிம்முக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டேட்டா சிம்மை மாற்றினால் வொட்ஸ்அப் நின்றுவிடுமா?

நிற்காது. வொட்ஸ்அப் எந்த எண்ணில் பதிவு செய்யப்பட்டதோ அந்த எண்ணிலேயே, எந்தச் சிம்மின் டேட்டா வழியாகவும் இயங்கும்.

வீட்டில் ரவுட்டர் வைஃபையும் இருக்கிறது. அதில் தொலைபேசி இணைந்திருக்கும்போது ஹொட்ஸ்பொட் போட்டால்?

தொலைபேசியைப் பொறுத்தது. பழைய தொலைபேசிகளில் ஹொட்ஸ்பொட்டை இயக்கியதும் வைஃபை அணைந்து, டேட்டா சிம் வேலையைத் தொடங்கும். புதியவை பலவற்றில் இரண்டும் ஒன்றாக ஓடும். அப்போது மடிக்கணினிக்குப் போவது ரவுட்டரின் இணையமே, எந்தச் சிம்மும் அல்ல. சிம்மைத்தான் பகிர வேண்டுமென்றால் முதலில் தொலைபேசியின் வைஃபையை நிறுத்துங்கள்.

சிம் 2 ஐத் தெரிவு செய்தால் எப்போதும் மெதுவாகவே இருக்கிறது. அதே சிம்மைத் தங்கையின் தொலைபேசியில் போட்டால் வேகமாக ஓடுகிறது.

அப்படியானால் குறை சிம்மில் இல்லை, இரண்டாவது துளையில் இருக்கலாம். சில பழைய தொலைபேசிகளில் 4ஜி முதலாவது துளைக்கோ டேட்டாவுக்குத் தெரிவான சிம்முக்கோ மட்டுமே உரியது. மற்றது 2ஜி அல்லது 3ஜி உடன் நின்றுவிடும். டேட்டா சிம் 2 இல் இருக்கும்போது அந்தச் சிம்மின் `Preferred network type` என்ற வரியைத் திறந்து பாருங்கள். அங்கே `LTE` அல்லது `4G` என்ற தெரிவு இருந்து, தெரிவு மட்டும் 2ஜி இல் விடப்பட்டிருந்தால், அதை மாற்றினாலே போதும். அந்தத் தெரிவே பட்டியலில் இல்லையென்றால், தொலைபேசியை அணைத்து, இரண்டு சிம்களையும் துளை மாற்றிப் போட்டு, மீண்டும் இயக்குங்கள். மாற்றியதும் டேட்டாவுக்குரிய தெரிவு, எல்லை, வோல்ட்டி, ஏபிஎன் ஆகிய நான்கையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். சில தொலைபேசிகள் அவற்றைத் துளையுடன் வைத்துக்கொள்கின்றன, சில சிம்முடன் கொண்டு செல்கின்றன.